சலேத் மாதாவும் நாட்டுச்சர்க்கரையும்: பிரெஞ்சில் நம் வாய் சறுக்கும் மூன்று இடங்கள்

கொடைக்கானலில் சலேத் மாதா கோயிலுக்கு வழி கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிற ஒரு சிறு கிராமத்தின் பெயர். 1846-ல் மாதா அங்கே காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். பிரெஞ்சில் அந்த ஊர் La Salette. கோயிலின் பெயரோடு சேர்ந்து வந்த அந்த முன்னாடி ‘லா’வை நாம் பேச்சில் எப்போதோ கழற்றி வைத்துவிட்டு, சலேத் மாதா என்று நம் வாய்க்கு வசதியாக்கிக்கொண்டோம். கோயில் பெயரில் இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிரெஞ்சு பேசும்போதும் நாம் அதையேதான் செய்கிறோம். பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் நிற்கும் ஆர்ட்டிகிளைக் கழற்றிவிடுகிறோம்.

ஏழு ரோடு பக்கம் மாலை நேரங்களில் நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்கள் பலவிதம். பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்து, எழுத மட்டும் தெரிந்த பிள்ளைகள் வருவார்கள். சாக்லேட், சீஸ் விற்கிற கடைகளில் வேலை பார்ப்பவர்கள் வருவார்கள். வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி, பாண்டிச்சேரியிலிருந்து மலையேறி வரும் பிரெஞ்சுக்காரர்களைத் தங்கவைப்பவர்களும் உண்டு. எல்லோரும் முதல் நாளே கேட்பது r பற்றித்தான். தொண்டையில் வருகிற அந்த எழுத்து வராவிட்டால் பிரெஞ்சே வராது என்று ஒரு பயம். என் அனுபவத்தில், மூன்று சிக்கல்களில் மிகக் குறைவாகத் தொல்லை தருவது r. முதலில் சரிசெய்ய வேண்டியது ஆர்ட்டிகிள், அதோடு ஒட்டிப்பிறந்த u. இரண்டையும் தனித்தனியாகப் படிக்கவே கூடாது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பெருமாள்மலைப் பக்கம் அறை வாடகைக்கு விடும் ஓர் அக்கா என்னிடம் வந்தபோது கேட்டது ஒரே ஒரு வாக்கியம். காலையில் காப்பி கொடுக்கும்போது, “நாட்டுச்சர்க்கரை போடட்டுமா?” என்று கேட்கத் தெரிந்தால் போதும் என்றார். பிரெஞ்சில் அது இப்படி:

Voulez-vous du sucre roux ?

மிகச் சாதாரண வாக்கியம்தான். ஆனால் இந்த வழிகாட்டி முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. du என்பது ஆர்ட்டிகிள். du, sucre இரண்டிலும் u. voulez, vous, roux மூன்றிலும் ou. sucre, roux இரண்டிலும் r. கடைசியில் இந்த வாக்கியத்துக்கே திரும்ப வருவோம்.

முதல் படி: தமிழில் ‘ஐ’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை, அதனால்தான் தடுமாறுகிறோம் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. அந்தச் சொல் நம்மிடம் இல்லையே தவிர, அது செய்கிற வேலை நம்மிடம் இருக்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபு அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்கிறது.

‘காப்பி குடித்தேன்’ என்பதற்கும் ‘காப்பியைக் குடித்தேன்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாவது ஏதோ காப்பி, ஏதோ அளவு. இரண்டாவது, நீங்களும் நானும் அறிந்த அந்தக் காப்பி, மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. பிரெஞ்சில் முதலாவதுக்கு du café, இரண்டாவதுக்கு le café. ‘ஒரு காப்பி கொடுங்க’ என்று எண்ணிச் சொன்னால் un café. ஆக, வாய் திறக்கும் முன் வாக்கியத்தைத் தமிழில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் போதும். ‘ஐ’ வந்தால் le அல்லது la, ‘ஒரு’ வந்தால் un அல்லது une, இரண்டும் வராமல் வெறும் பெயராக நின்றால் du அல்லது de la. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் என்றால் de l’. நம் மலைப்பூண்டு பிரெஞ்சில் ail. ஆகவே ‘பூண்டு வாங்கினேன்’ என்பதற்கு J’ai acheté de l’ail.

சீஸ் கடையில் நின்றுகொண்டு Je veux le fromage என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கேட்பவர் உடனே Quel fromage ? என்று திருப்பிக் கேட்பார். எந்தச் சீஸ் என்று அர்த்தம். அந்தக் கேள்வி வந்தாலே புரிந்துகொள்ளலாம், du சொல்ல வேண்டிய இடத்தில் le சொல்லிவிட்டோம். ‘சீஸைக் கொடுங்க’ என்றால் நம்மூர்க் கடைக்காரரும் எதை என்றுதானே கேட்பார்?

இந்தச் சோதனை இரண்டு இடங்களில் ஏமாற்றிவிடும். முதல் இடம் பிடித்தது, பிடிக்காதது. ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்பதில் ‘ஐ’ இல்லை. ஆனாலும் பிரெஞ்சில் J’aime le café. இங்கே பேசுவது ஒரு டம்ளர் காப்பியைப் பற்றி அல்ல, காப்பி என்ற பொருளைப் பற்றி. இரண்டாவது, பொதுவாகச் சொல்லும் உண்மைகள். ‘பூண்டு உடம்புக்கு நல்லது’ என்றால் L’ail est bon pour la santé. ஆனால் ‘வீட்டில் பூண்டு இருக்கு’ என்றால் மறுபடி de l’ail. வினையைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். குடிப்பது, சாப்பிடுவது, வாங்குவது, வேண்டும் என்பது, இருப்பது எல்லாம் பொருளில் ஒரு பங்கைத் தொடுகிற வினைகள், அங்கே du. பிடிப்பதும் வெறுப்பதும் பொருள் முழுவதையும் தொடுகின்றன, அங்கே le.

இல்லை, வேண்டாம் என்று மறுக்கும்போது du, de la, un, une எல்லாம் de என்று சுருங்கிவிடும். ‘சர்க்கரை வேண்டாம்’ என்றால் pas de sucre. ஆனால் le மாறாது. ‘எனக்குச் சர்க்கரை பிடிக்காது’ என்றால் Je n’aime pas le sucre தான். அளவு சொல்லிவிட்டாலும் வெறும் de போதும். ஒரு கிலோ சர்க்கரை, un kilo de sucre. நிறையச் சர்க்கரை, beaucoup de sucre. sans, அதாவது ‘இல்லாமல்’ என்ற சொல்லுக்குப் பிறகு இந்த du-வும் de-யும் கிடையாது, sans sucre அவ்வளவுதான்.

சரி, ஆண்பால் பெண்பால்? இங்கே தமிழ் கை கொடுக்காது. நமக்குத் திணையும் பாலும் பொருளை ஒட்டி வருபவை. மேசை அஃறிணை, அதற்கு மேல் கேள்வி இல்லை. பிரெஞ்சில் பொருளைப் பார்த்துப் பால் சொல்ல முடியாது என்பதற்கு நம் வீட்டுச் சொற்களே சாட்சி. வெட்டிவேர் கடல் கடந்து போய் le vétiver என்று ஆணாகிவிட்டது. கட்டுமரம் le catamaran, அதுவும் ஆண். மாங்காயோ la mangue என்று பெண்ணாகிவிட்டது. வெட்டிவேரில் என்ன ஆண்மை, மாங்காயில் என்ன பெண்மை? காரணம் தேடாமல் ஆர்ட்டிகிளோடு சேர்த்தே சொல்லை மனதில் ஏற்றிக்கொள்வதுதான் வழி.

அப்படி ஏற்றும்போது le, la போட்டுப் படிக்காமல் un, une போட்டுப் படிப்பது நல்லது. l’ail என்று படித்தால் அது ஆணா பெண்ணா என்று தெரியாது, அந்த மேற்கோள்குறி பாலை மறைத்துவிடும். பன்மையில் les, des போட்டாலும் அப்படியே. un, une எதையும் மறைக்காது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. une சொல்ல அந்த u வாயில் வர வேண்டும்.

இரண்டாம் படி: ஆர்ட்டிகிளில் இருக்கிற உயிரெழுத்து

இந்த இடத்தைத்தான் பெரும்பாலான பாடங்கள் தாண்டிப் போய்விடுகின்றன. இலக்கணம் தெரிந்து du என்று சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, வாயால் வேறொன்றைச் சொல்லிவிடுகிறோம்.

பிரெஞ்சில் பன்மைக்கு எழுதும் s பெரும்பாலும் ஒலிக்காது. fromage, fromages இரண்டும் காதுக்கு ஒன்றே. ஒருமையா பன்மையா என்று காட்டுவது முன்னால் நிற்கும் le, les மட்டும்தான். les என்பது நம் ‘லே’யைக் கொஞ்சம் குறுக்கியது போல இருக்கும். le அப்படி இல்லை. நாம் எழுத்தைப் பார்த்து le-ஐயும் ‘லே’ என்று படிக்கிறோம். உடனே ஒரு சீஸ் பல சீஸாகிவிடுகிறது.

le சரியாக வர நம்மிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. பேச்சில் ‘பல்லு’, ‘கல்லு’ என்கிறோமே, அந்தக் கடைசி ‘லு’வைக் கவனியுங்கள். உதடு குவியாமல், அரை மாத்திரையில் தேய்ந்துபோகும் உகரம் அது. குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தோமே, அதன் குடும்பத்து ஒலி. அந்த ‘லு’வைச் சொல்லும்போதே உதட்டை மிக லேசாக முன்னால் கொண்டுவந்தால் பிரெஞ்சு le வந்துவிடும். de-யும் அப்படித்தான். ‘பந்து’ என்பதன் கடைசி ‘து’வை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘ட’ போட வேண்டாம். பிரெஞ்சின் t, d இரண்டும் பல்லைத் தொட்டு வருபவை, நம் ‘த’ இடம்தான். ஆங்கிலப் பழக்கத்தில் ‘டு’ என்று சொல்லி நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

இப்போது ஒரு சீஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். du fromage என்றால் கொஞ்சம் சீஸ். des fromages என்றால் பலவகைச் சீஸ். pas de fromage என்றால் சீஸே இல்லை. du, des, de மூன்றுக்கும் நடுவில் இருப்பது ஓர் உயிரொலி வித்தியாசம் மட்டும். ஆர்ட்டிகிள் தவறு என்று நாம் நினைப்பதில் பல, உண்மையில் ஒலித் தவறுகள்.

மூன்றாம் படி: u, ou

முதலில் ou. ‘ஊ’தானே, அதில் என்ன கஷ்டம் என்று விட்டுவிடுகிறோம். அதே குற்றியலுகரம் இங்கே காலை வாரும். நமக்குச் சொல்லின் கடைசியில் வரும் உகரத்தை உதடு குவிக்காமல் விட்டே பழக்கம். beaucoup என்பதைத் தமிழர் பலர் ‘போக்கு’ என்று முடிக்கிறார்கள், ‘அவன் போக்கு சரியில்லை’ என்பதில் வரும் அதே போக்கு. பிரெஞ்சுக் காதுக்கு அது ou-வாகவே கேட்காது. ‘பூ’ என்று சொல்லும்போது உதடு எப்படிக் கூம்புகிறதோ அப்படிக் கடைசிவரை கூம்பியே இருக்க வேண்டும். vous, roux, beaucoup எல்லாம் ‘பூ’வின் உதடு.

u என்பது நம்மிடம் இல்லாத ஒலி. அது ஈயின் நாக்கு, ஊவின் உதடு. இரண்டும் ஒரே நேரத்தில். ‘யூ’ என்று சொன்னால் முதலில் ஈ, பிறகு ஊ என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. ட்யூட்டி, மியூசிக் என்று ஆங்கிலத்தில் பழகிய வாய் u-வைக் கண்டதும் ‘யூ’வுக்குத் தாவும். sucre ‘ஸ்யூக்’ ஆகிவிடும்.

பயிற்சிக்குக் கண்ணாடி ஒன்று வேண்டும். ‘ஈ’ என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லின் பின்புறம் தொட்டுக்கொண்டு, நாக்கின் நடுப்பகுதி மேலே எழும்பி இருப்பது தெரியும். நாக்கை அங்கேயே பூட்டிவிடுங்கள். குரலை நிறுத்தாமல் உதட்டை மட்டும் விசில் அடிப்பது போலக் குவியுங்கள். வருகிற ஒலி விநோதமாக இருந்தால், அதுதான் u. பழகிய ‘ஊ’ போலக் கேட்டால் உதட்டோடு நாக்கும் பின்னால் ஓடிவிட்டது என்று பொருள்.

நாக்கு ஏன் ஓடுகிறது என்பதற்கு நம் பேச்சிலேயே விடை உண்டு. வீடு என்பதைப் பேச்சில் ‘வூடு’ என்கிறோம். பிடி ‘புடி’ ஆகிறது, பிள்ளை ‘புள்ள’ ஆகிறது. வ, ப போன்ற உதட்டெழுத்துக்குப் பக்கத்தில் இகரம் வந்தால் உதடு குவிகிறது, கூடவே நாக்கும் பின்னால் போய் உகரமாகிவிடுகிறது. உதடு குவிந்தால் நாக்கு பின்வாங்கும் என்பது நம் வாயில் ஊறிய இணைப்பு. u-வுக்கு இந்த இணைப்பை அறுக்க வேண்டும். அதனால் நான் வகுப்பில் சொல்வது இதுதான்: ‘வீடு’வில் கிளம்பி ‘வூடு’வுக்கு மெதுவாகப் போங்கள், பாதி வழியில், உதடு போய்ச் சேர்ந்து நாக்கு இன்னும் கிளம்பாத இடத்தில் நில்லுங்கள். அந்த இடத்தில் நிற்கத் தெரிந்தால் vu சொல்லத் தெரியும். அது ‘பார்த்த’ என்ற பொருளுள்ள சொல். ‘வூ’ வரை போய்விட்டால் vous, ‘நீங்கள்’.

சரியாக வருகிறதா என்று கண்டுபிடிக்கக் குரல் இல்லாமல் கிசுகிசுத்துப் பாருங்கள். ஈ-யைக் கிசுகிசுத்தால் காற்று மெல்லிய, உயர்ந்த சத்தத்தில் போகும். ஊ-வைக் கிசுகிசுத்தால் கனத்த, தாழ்ந்த சத்தம். u இரண்டுக்கும் நடுவில், ஈ பக்கம் சற்றுச் சாய்ந்து ஒலிக்க வேண்டும். குரல் சேர்ந்தால் காது ஏமாறும், கிசுகிசுப்பில் நாக்கு இருக்கும் இடம் அப்படியே கேட்டுவிடும்.

பிறகு சொற்களுக்குப் போகலாம். நாக்கை முன்னால் வைத்திருக்கும் மெய்யோடு தொடங்கினால் எளிது. ‘தீ’ சொல்லி உதட்டைக் குவித்தால் tu, ‘ஸீ’ சொல்லிக் குவித்தால் su. ‘பந்து’வின் த-வோடு ‘ஈ’ சேர்த்துக் குவித்தால் du. எழுத்தில் tu, du இரண்டையும் ‘து’ என்று குறித்துவைத்துப் படிக்கக் கூடாது, தொண்டை அதிராத ‘த’ ஒன்று, அதிரும் ‘த’ மற்றொன்று. rue போன்ற சொல்லைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். r நாக்கைப் பின்னால் இழுக்கும், u முன்னால் இழுக்கும், முதல் வாரத்திலேயே அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இது வெறும் உச்சரிப்பு நயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். பெருமாள்மலை அக்கா ஒருநாள் கோயிலுக்குப் போகும்போது சாவியை வாசல் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, விருந்தினருக்குப் போனில் தகவல் சொன்னார். அடியில் என்றால் dessous. மேலே என்றால் dessus. அவர் சொன்னது dessus என்று கேட்டிருக்கிறது. u-வைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் ou வர வேண்டிய இடத்திலும் அதையே போட்டுவிட்டார். அந்தத் தம்பதி தொட்டியின் மேலே, மண்ணில், செடிக்குள் எல்லாம் தேடிவிட்டுப் பனியில் அரை மணி நேரம் நின்றார்கள். “டீச்சர், நான் சரியாத்தானே சொன்னேன், எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது” என்று அவர் வருத்தப்பட்டபோது சிக்கல் எங்கே என்று விளங்கியது. வாய்க்கு முன்னால் காது பழக வேண்டும்.

அதற்கு நாங்கள் செய்தது இது. tu–tout, vu–vous, rue–roue, dessus–dessous, pur–pour. இந்த 5 ஜோடியின் 10 சொற்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த வரிசையில் போனில் பதிவு செய்தார். மறுநாள் அந்தப் பதிவைப் போட்டு, கேட்பதை எழுதினார். பிறகு சீட்டு வரிசையோடு ஒப்பிட்டார். முதல் முறை 10-க்கு 5 சரி. அது பூவா தலையா போட்டாலும் கிடைக்கிற மதிப்பெண். தன் குரலையே தன்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை என்றால் அடுத்தவர் எப்படிப் பிரிப்பார்? 9 வரும்வரை தினமும் இதை மட்டும் செய்யச் சொன்னேன். மூன்று வாரம் ஆனது.

சாவிச் சம்பவத்தில் நடந்தது போல எல்லா இடத்திலும் u போடுவது புதிதாகக் கற்பவர்களுக்கு வரும் இரண்டாம் கட்டத் தவறு. beaucoup-வின் கடைசியில் u போட்டால் அது சபையில் சொல்லக் கூடாத வேறொரு பொருளாகிவிடும். நன்றி சொல்லப் போய் அந்தத் தவறு நேர வேண்டாம். எழுத்தில் ou இருந்தால் ‘பூ’, தனி u இருந்தால் பாதி வழி ‘வூ’. எழுத்தை நம்பலாம், பிரெஞ்சு இந்த விஷயத்தில் பெரும்பாலும் ஏமாற்றாது.

நான்காம் படி: r

ர-வோ ற-வோ போட்டுப் பேசினாலும் பிரெஞ்சுக்காரருக்குப் புரியும். ஒரு காலத்தில் பிரான்சின் கிராமங்களில் நாக்கு நுனியால்தான் r-ஐ உருட்டினார்கள், அந்த ஒலி அவர்கள் காதுக்கு அந்நியமல்ல. புரியாமல் போவது, பயந்துபோய்த் தொண்டையைச் செருமி ‘க்ஹ’ என்று அழுத்தும்போதுதான். roux ‘கூ’வாகிவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பாதி கற்ற r-ஐவிட நல்ல ‘ர’ மேல் என்பது என் கருத்து.

கற்க வேண்டும் என்றால், ‘ர’விலிருந்து கிளம்பாமல் ‘க’விலிருந்து கிளம்ப வேண்டும். பகல், மகன், அகம் என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வருவது ‘பக்கம்’ என்பதில் வருகிற அழுத்தமான க அல்ல. நாக்கின் பின்பகுதி அண்ணத்தை முழுதாக அடைக்காமல், ஓர் உரசலோடு காற்றை விடுகிறது. அந்த உரசலைக் கொஞ்சம் நீட்டுங்கள். பிறகு அதே உரசலை இன்னும் ஒரு விரல் அளவு பின்னால், உள்நாக்குக்குப் பக்கத்தில் தள்ளுங்கள். குளிர்காலத்தில் தொண்டை கட்டினால் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறோமே, தண்ணீர் குமிழியிடும் அந்த இடம். பல் துலக்கும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் தொடங்கி, அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தண்ணீரே இல்லாமல் அந்த அசைவை வரவைத்துப் பாருங்கள். வந்ததும் பலத்தைப் பாதியாகக் குறையுங்கள். அன்றாடப் பேச்சில் பிரெஞ்சு r மிக மென்மையானது.

நாக்கு நுனிக்கு இதில் வேலையே இல்லை, அது கீழ்ப்பல்லுக்குப் பின்னால் ஓய்வாக இருக்க வேண்டும். சுத்தமான ஒரு ஸ்பூனின் அடிப்பக்கத்தால் நுனியை லேசாக அழுத்திக்கொண்டு சொல்லிப் பார்க்கலாம். ஒலி வந்தால் சரி. வரவில்லை என்றால் இன்னும் ‘ர’தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். தொண்டை வலித்தால் அழுத்தம் அதிகம், அன்றைக்கு விட்டுவிட வேண்டும்.

சொற்களில் பழகும்போது க-வுக்குப் பின்னால் வரும் r-இல் தொடங்குங்கள். நாக்கு ஏற்கெனவே பின்னால் இருக்கும். sucre அதற்குப் பொருத்தமான சொல். இங்கே r குரலே இல்லாத காற்றாகத்தான் வரும், ‘எஃகு’ என்பதில் வரும் ஆய்தத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளியது போல. நமக்கு ஒற்றோடு ஒற்று சேர்ந்து சொல் முடிவது பழக்கமில்லை என்பதால் ‘சுக்குரு’, ‘சுக்ரே’ என்று உயிரெழுத்தைச் செருகிவிடுவோம். sucre ஒரே மூச்சில் முடிகிற ஓரசைச் சொல். ‘க்’ வந்ததும் காற்றை விட்டு நிறுத்திவிட வேண்டும்.

வாக்கியத்துக்குத் திரும்புவோம்

Voulez-vous du sucre roux ?

தமிழில் கேட்கும்போது ‘நாட்டுச்சர்க்கரை போடட்டுமா’ என்கிறோம், ‘நாட்டுச்சர்க்கரையை’ அல்ல. ‘ஒரு’வும் இல்லை. sucre ஆண்பால். எனவே du. ஆர்ட்டிகிள் முடிந்தது.

இனி உதட்டை மறந்துவிட்டு நாக்கை மட்டும் பாருங்கள். voulez-வின் தொடக்கத்தில் பின்னால், -lez-இல் முன்னால், vous-இல் மறுபடி பின்னால், du, su- இரண்டுக்கும் முன்னால் வந்து நின்று, roux-வில் திரும்பப் பின்னால் போகிறது. vous-இலிருந்து du-வுக்குத் தாவும் இடத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள். உதடு இரண்டுக்கும் குவிந்தே இருக்கிறது, நாக்கு மட்டும் நகர வேண்டும். நாக்கு நகராவிட்டால் அது doux ஆகிவிடும், ‘இனிமையான’ என்று பொருள். சர்க்கரையைப் பற்றிப் பேசும்போது கேட்பவருக்கு நிஜமாகவே குழப்பம் வரும்.

அதனால் அக்காவுக்கு இந்த வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டினோம். முதல் நாள் roux மட்டும். இரண்டாம் நாள் sucre roux. இங்கே ஒரு r-இன் காற்று அடுத்த r-இல் போய்ச் சேர்கிறது, முதலாவது குரலில்லாமல், இரண்டாவது குரலோடு. அதைத் தனியாக இருபது தடவை சொல்லவைத்தேன். மூன்றாம் நாள் du sucre roux. நான்காம் நாள் vous du, vous du என்று அந்தத் தாவலை மட்டும், முதலில் கிசுகிசுப்பில், பிறகு குரலோடு. “நாக்கு வழங்க மாட்டேங்குது டீச்சர்” என்றார். “வேகத்தைக் குறைச்சுக்குங்கக்கா, நடுவுல மூச்சு விட்டுக்கூடச் சொல்லலாம்” என்றேன். ஐந்தாம் நாள் முழு வாக்கியம். முன்னாலிருந்து கட்டினால் தொடக்கம் நன்றாக வந்து கடைசியில் சோர்ந்துவிடும். பின்னாலிருந்து கட்டினால் போகப்போகப் பழகிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறோம்.

அடுத்த வாரம் விருந்தினருக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே Non merci, pas de sucre என்று சொன்னாராம். அக்கா என்னிடம் வந்து முதலில் சொன்னது தான் கேட்டதைப் பற்றி அல்ல. “அவங்க ‘du’ன்னு சொல்லல டீச்சர், ‘de’ன்னாங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”